மொத்த ரிட்டர்ன் 18 சதவீதம், டபுள் எக்ஸ்எல் மட்டும் 39: ஒரு நைட்டிக் கணக்கு

கேள்வி: அண்ணா, நான் நகரி பக்கத்தில் இருந்து காட்டன் நைட்டி ஆன்லைனில் விற்கிறேன். விலை 399. எல்லாச் செலவும் போக பீஸுக்கு 78 ரூபாய் நிற்கும் என்று கணக்கு. மாதம் 600 ஆர்டர் வருகிறது, ரிட்டர்ன் 18 சதவீதம்தான், அது போனாலும் 38,000 வர வேண்டும். ஆனால் டெய்லர் கூலி பாக்கியைக் கூட முழுசாகக் கொடுக்க முடியவில்லை. பணம் எங்கே போகிறது? சைஸ் வாரியாகப் பார்க்கச் சொல்கிறார்கள், எப்படிப் பார்ப்பது?

பதில்:

தம்பி, அந்த 38,000 எப்படி வந்தது என்பது புரிகிறது. 600-இல் 108 திரும்பி வந்தது, மிச்சம் 492, அதை 78-ஆல் பெருக்கினால் 38,376. திரும்பி வந்த 108-ஐ பூஜ்யம் என்று வைத்துக்கொண்டீர்கள், லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, சரக்கு வந்துவிட்டது அல்லவா என்று. நானும் முதல் ஒன்றரை வருடம் அப்படித்தான் வைத்தேன். திரும்பி வந்த பீஸ் பூஜ்யம் கிடையாது. அது போகும்போதும் காசு, வரும்போதும் காசு, வந்த பிறகும் காசு.

உங்கள் விலையையும் 600 ஆர்டரையும் வைத்தே போடுகிறேன். செலவும் சைஸ் பிரிவும் மட்டும் போன வருடம் என் சரக்கில் இருந்த மாதிரி எடுத்துக்கொள்கிறேன், உங்களுடையது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

399-இல் 5 சதவீத ஜிஎஸ்டி உள்ளே இருக்கிறது, அதை எடுத்தால் 380. துணி, தையல், பட்டன், ஜிப் எல்லாம் சேர்ந்து 205. கவர், லேபிள் 7. கமிஷனும் பேமென்ட் சார்ஜும் 28. அனுப்பும் கூரியர் 62. மிச்சம் 78, உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறது. (ஷிப்பிங் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி தனி. நீங்கள் ரெகுலர் ரெஜிஸ்ட்ரேஷனில் இருந்து அந்த இன்புட்டை எடுக்கிறீர்கள் என்றால் ஷிப்பிங்கை ஜிஎஸ்டி இல்லாமலே போடுங்கள். ரெகுலரில்தான் இருப்பீர்கள், ஏனென்றால் காம்போசிஷனில் இருப்பவர் வெளி மாநிலத்துக்கு விற்க முடியாது, ஆந்திராவில் இருக்கும் நமக்கோ பள்ளிப்பட்டும் திருத்தணியும்கூட வெளி மாநிலம்.)

இப்போது அதே பீஸ் திரும்பி வருகிறது என்று வையுங்கள். அனுப்பிய 62 போனது போனதுதான். திரும்பி எடுத்து வர 74, ரிவர்ஸ் பிக்கப் எப்போதும் அனுப்புவதைவிட கொஞ்சம் கூடத்தான், ஏனென்றால் ஒரே ஒரு பார்சலுக்காக ஒருத்தன் வீடு தேடிப் போக வேண்டும். பழைய கவரும் லேபிளும் வீண், 7. பிரித்துப் பார்த்து, கறை இருக்கிறதா, சென்ட் வாசனை வருகிறதா என்று சோதித்து, மறுபடி இஸ்திரி போட்டு மடிக்க 9. அப்புறம் பத்தில் இரண்டு பீஸாவது புதுசாக விற்க லாயக்கில்லாமல் வரும். அதை உள்ளூரில் 100-க்குத் தள்ளினால் ஒரு பீஸுக்கு 105 நஷ்டம், பத்துக்கு இரண்டு என்பதால் ஒவ்வொரு ரிட்டர்ன் தலையிலும் 21 விழுகிறது. எல்லாம் கூட்டினால் 173. கமிஷன் முழுசாகத் திரும்பக் கிடைக்கிறது என்று வைத்துப் போட்டது இது. கிடைக்காத இடமும் உண்டு, அங்கே இன்னும் ஏறும்.

அதாவது ஒரு பீஸ் திரும்பி வந்தால், இரண்டே கால் பீஸ் விற்ற லாபம் அதற்கே போய்விடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்:

```
ஆர்டருக்கு லாபம் = (1 - ரிட்டர்ன்) × நிற்கும் லாபம் - ரிட்டர்ன் × ஒரு ரிட்டர்ன் நஷ்டம்
தாங்கும் ரிட்டர்ன் = நிற்கும் லாபம் ÷ (நிற்கும் லாபம் + ஒரு ரிட்டர்ன் நஷ்டம்)
```

78-ஐ 251-ஆல் வகுத்தால் 31 சதவீதம். அதாவது இந்த நைட்டி 31 சதவீத ரிட்டர்ன் வரை தாங்கும், அதைத் தாண்டினால் ஒவ்வொரு ஆர்டரும் நஷ்டம். உங்களுக்கு 18 தானே, நடுவில் நிறைய இடம் இருக்கிறதே என்று தோன்றும். தோன்றத்தான் செய்யும், ஏனென்றால் 18 என்பது எந்த சைஸுடைய நம்பரும் கிடையாது.

பிரித்துப் பார்ப்போம். எம் 110 ஆர்டர், 11 திரும்பியது, 10 சதவீதம். எல் 200, 24 திரும்பியது, 12 சதவீதம். எக்ஸ்எல் 190-இல் 34, கிட்டத்தட்ட 18 சதவீதம். டபுள் எக்ஸ்எல் 100-இல் 39. கூட்டினால் 600-க்கு 108, உங்கள் 18 சதவீதமேதான். முதல் மூன்றுக்கும் அதே 78, 173 போட்டால் எம் 5,819 கொடுக்கிறது, எல் 9,576, எக்ஸ்எல் 6,286. மூன்றும் சேர்ந்து 21,681.

டபுள் எக்ஸ்எல்லுக்கு 78-ஐப் போடக் கூடாது. நான் ஏமாந்தது இங்கேதான். அதில் துணி கூட, பீஸுக்கு 18 ரூபாய் அதிகம். அதுவாவது கண்ணுக்குத் தெரிகிறது, பில்லில் வருகிறது. தெரியாமல் நடந்தது கூரியர் ஸ்லாபில். எங்கள் டபுள் எக்ஸ்எல் நைட்டி தராசில் 455 கிராம். மடிப்பு கலையாமல் இருக்க உள்ளே ஒரு அட்டை வைப்போம், 45 கிராம். கவர், இன்வாய்ஸ் சேர்ந்து 18. மொத்தம் 518. ஸ்லாப் 500 கிராமில் முடிகிறது, 501 ஆனாலும் அடுத்த ஸ்லாப் ரேட்தான். அதனால் அனுப்ப 62-க்குப் பதில் 88, திரும்பி வர 74-க்குப் பதில் 104. எக்ஸ்எல் அதே அட்டை, கவரோடு 483-இல் நின்றுவிடுகிறது, அதனால் தப்பிக்கிறது. 35 கிராம் வித்தியாசத்துக்குப் போக வர 56 ரூபாய்.

இதில் இன்னொரு திருட்டு வழியும் உண்டு. பார்சலின் எடையை தராசில் மட்டும் பார்க்க மாட்டார்கள். நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து கிலோ கணக்கு போடுவார்கள், தராசு எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் ரேட். 30-க்கு 25 கவரில் டபுள் எக்ஸ்எல்லை அவசரமாக மடித்துப் போட்டால் 4 சென்டிமீட்டர் உப்பி நிற்கும், அது 600 கிராம். காற்றை அமுக்கி எடுத்து 3 சென்டிமீட்டராக்கினால் 450 கிராம். துணி அதேதான், மடிப்புக்குத்தான் இந்த வித்தியாசம். வாடிக்கையாளர் திருப்பிக் கொடுக்கும்போது எப்படியும் சுருட்டித் திணித்துத்தான் கொடுப்பார், அதை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, டபுள் எக்ஸ்எல் கணக்கு. 380-இல் துணி தையல் 223, கவர் 7, கமிஷன் 28, கூரியர் 88 போனால் நிற்பது 34. திரும்பி வந்தால் நஷ்டம் 88, 104, 7, 9, பாழாகும் பங்கு 25, ஆக 233. தாங்கும் ரிட்டர்ன் 34-ஐ 267-ஆல் வகுத்தால் 13 சதவீதத்துக்கும் கீழே. வருவது 39. தங்கிய 61 பீஸ் 2,074 சம்பாதித்தது, திரும்பிய 39 பீஸ் 9,087 தின்றது, நிகரம் 7,013 நஷ்டம்.

மற்ற மூன்று சைஸும் சேர்ந்து சம்பாதித்த 21,681-இல் மூன்றில் ஒரு பங்கை இந்த ஒரு சைஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் 14,668. அதிலிருந்துதான் வாடகை, விளம்பரம், பேக்கிங் பையனுக்கு சம்பளம் எல்லாம். உங்கள் டெய்லர் பாக்கி ஏன் நிற்கிறது என்பது இப்போது தெரிகிறதா?

இது இத்தனை நாள் உங்கள் கண்ணில் படாததற்குக் காரணம் பணம் வரும் விதம். விற்ற பீஸின் பணம் இந்த வார செட்டில்மென்டில் முழுசாக வந்துவிடும். அது திரும்பி வந்து சேர்ந்த பிறகு இரண்டு, மூன்று வாரம் கழித்து, வேறு யாரோ வாங்கிய வேறு ஆர்டர் பணத்தில் இருந்து ரிவர்ஸ் சார்ஜைப் பிடிப்பார்கள். அந்த ஷீட்டில் ஆர்டர் நம்பர் இருக்கும், சைஸ் இருக்காது. எனவே டபுள் எக்ஸ்எல் விற்ற அன்றைக்கு லாபம் மாதிரி தெரியும், பிடித்த அன்றைக்கு அது எம், எல் எல்லாவற்றின் பணத்திலும் பொதுவாகக் கரையும். யாரும் உங்களை ஏமாற்றவில்லை, எல்லாம் ஷீட்டில் எழுதித்தான் இருக்கிறது, ஆனால் இரண்டு ஷீட்டில் இருக்கிறது. ஆர்டர் ஷீட்டையும் பேமென்ட் ஷீட்டையும் ஆர்டர் நம்பரை வைத்து ஒன்றாகச் சேர்த்தால்தான் வெளியே வரும்.

சேர்க்கும் வேலை பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு வகைக்கும் ஒரு கோடு, அதாவது குறியீடு, வையுங்கள், டிசைன், கலர், சைஸ் மூன்றும் அதில் தெரிகிற மாதிரி. சைஸைக் கோடில் எழுதாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் ஆறு மாத டேட்டா வைத்திருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஷீட்டில் A நெடுவரிசையில் கோடு, B-யில் ஆர்டர் தேதி, C-யில் முடிவு என்று வைத்துக்கொண்டால், மெரூன் டபுள் எக்ஸ்எல் எத்தனை திரும்பியது என்பதற்கு இது போதும்:

```
=COUNTIFS(A:A,"NT-MRN-XXL",C:C,"RETURN")
```

எல்லா கலரும் சேர்த்து டபுள் எக்ஸ்எல் மட்டும் வேண்டும் என்றால் கோடுக்குப் பதில் `"*-XXL"` என்று போடுங்கள். முன்னால் அந்த ஹைஃபன் இல்லாமல் `"*XL"` என்று போட்டால் டபுள் எக்ஸ்எல்லும் எக்ஸ்எல் கணக்கில் சேர்ந்துவிடும், நான் ஒரு முறை சேர்த்தேன்.

எண்ணுவதற்கு முன் இரண்டு இடத்தில் நிதானம் வேண்டும். ஒன்று, வாங்காமலே திரும்பி வருவதும், வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்புவதும் வேறு வேறு. கேஷ் ஆன் டெலிவரியில் ஆள் இல்லை, போன் எடுக்கவில்லை, பணம் இல்லை என்று திரும்புவது ஆர்டிஓ. அந்த அம்மா பார்சலைப் பிரிக்கவே இல்லை, எனவே சைஸுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, ஊருக்கும் பின்கோடுக்கும்தான் சம்பந்தம். பிரித்துப் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்புவதுதான் சைஸ், கலர், துணி பற்றிப் பேசும். உங்கள் 18-இல் இரண்டும் கலந்திருந்தால் முதலில் பிரியுங்கள், மேலே நான் போட்ட கணக்கு இரண்டாவது வகைக்கு மட்டும். சார்ஜும் வேறு மாதிரி இருக்கும், ஆர்டிஓவுக்குக் காசு பிடிக்காத இடம் உண்டு, சொந்த சைட்டில் கூரியரை நாமே வைத்து அனுப்பினால் ஆர்டிஓவுக்கும் நம் தலையில்தான் விழும்.

இன்னொன்று தேதி. இந்த மாதம் வந்து சேர்ந்த ரிட்டர்னை இந்த மாத ஆர்டரால் வகுத்தீர்கள் என்றால் அது தப்புக் கணக்கு. பார்சல் போய்ச் சேர ஐந்தாறு நாள், திருப்ப ஏழு நாள் தவணை, திரும்பி வர பத்து நாள். இன்றைக்கு உங்கள் வாசலில் இறங்குகிற ரிட்டர்ன் போன மாத ஆர்டருடையது. தீபாவளிக்கு ஆர்டர் 400-இல் இருந்து 600 ஆகும்போது ரிட்டர்ன் குறைந்த மாதிரி தெரியும், அடுத்த மாதம் ஆர்டர் சரியும்போது திடீரென்று 30 சதவீதம் காட்டும், இரண்டுமே பொய். ஆர்டர் தேதியை வைத்து எண்ணுங்கள், ஒரு மாத ஆர்டருக்குத் தீர்ப்பு எழுத, கடைசி ஆர்டர் போய் 40 நாளாவது ஆகட்டும்.

அப்புறம் ரொம்ப நுணுக்கமாகவும் பிரிக்காதீர்கள். ஆறு கலர், நான்கு சைஸ் என்றால் 24 கட்டம், 600 ஆர்டரை அதில் போட்டால் சில கட்டத்தில் ஏழெட்டு ஆர்டர்தான் விழும். மெரூன் டபுள் எக்ஸ்எல் ஏழில் நான்கு திரும்பியது என்று மெரூனை நிறுத்தினால் அது சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவெடுத்த மாதிரி. இருபதில் ஆறு திரும்பினால் 30 சதவீதம் என்று எழுதலாம், ஆனால் உண்மையான விகிதம் பத்தாகவும் இருக்கலாம், ஐம்பதாகவும் இருக்கலாம். நூறில் 39 என்றால் ஏறக்குறைய 30-க்கும் 49-க்கும் நடுவில், அதில் எது என்றாலும் டபுள் எக்ஸ்எல்லுக்குத் தாங்கும் 13-ஐத் தாண்டிவிட்டது, எனவே முடிவெடுக்கலாம். அதனால் முதலில் சைஸ் வாரியாக, எல்லா கலரும் சேர்த்து. பிறகு கலர் வாரியாக, எல்லா சைஸும் சேர்த்து. குறுக்குக் கட்டத்தை மூன்று நான்கு மாத ஆர்டர் சேர்ந்த பிறகு பாருங்கள்.

எந்த சைஸ் என்று தெரிந்துவிட்டது. புத்தூரில் கட்டு போடுகிறவர் முதலில் தடவிப் பார்த்து எலும்பு எங்கே முறிந்தது என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் மூங்கில் பத்தையை எடுப்பார். நம்மில் பாதிப் பேர் நேராக விலையைக் கூட்டுகிறார்கள், இல்லை அந்த சைஸையே எடுத்துவிடுகிறார்கள்.

என் டபுள் எக்ஸ்எல்லுக்கு ரிட்டர்ன் காரணம் என்று ஷீட்டில் வந்தது முக்கால்வாசி 'சைஸ் இஷ்யூ'. சின்னதா பெரியதா என்று அதில் இருக்காது. அதனால் திரும்பி வந்த 39-இல் பன்னிரண்டை எடுத்து மேஜையில் விரித்து டேப் வைத்தேன். அக்குளில் இருந்து அக்குள் 24 அங்குலம், இரண்டால் பெருக்கினால் 48, சைஸ் சார்ட்டில் போட்டது 48, சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறதே, ஜனங்கள்தான் சும்மா திருப்புகிறார்கள் என்று எனக்குக் கோபம். என் வீட்டுக்காரிதான் ஒன்றை எடுத்துக் கையை நுழைத்துப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுக்கொண்டு மாவு ஆட்ட முடியுமா?" என்றாள். கைச்சுற்று அளந்தால் 14 அங்குலம். எக்ஸ்எல்லை எடுத்து அளந்தேன், அதுவும் 14. எல் அதுவும் 14.

கட்டிங் மாஸ்டரிடம் போய்க் கேட்டேன். அவர் எக்ஸ்எல் பேட்டர்னை வைத்து, உடம்பை மட்டும் இரண்டு பக்கமும் தள்ளி டபுள் எக்ஸ்எல் வெட்டியிருக்கிறார், கைக்கும் கைக்குழிக்கும் பேட்டர்னே மாற்றவில்லை. கை வெட்டுவது பாடிக்குப் பக்கத்தில் மிஞ்சும் துண்டில், உடம்பு அகலமானால் மிஞ்சும் துண்டு குறுகும், கையைப் பெரிதாக்கினால் தனியாகத் துணி எடுக்க வேண்டும். துணி மிச்சம் பண்ணிக் கொடுத்ததாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். "ஏம் காதுண்ணா, ரெண்டு இஞ்சுலே" என்றார், ஒன்றும் ஆகாது, இரண்டு அங்குலம்தானே என்று. அவர் மிச்சம் பண்ணிய துணி பீஸுக்கு ஆறு ரூபாய் இருக்கும். அந்த இரண்டு அங்குலத்துக்காக மாதம் ஒன்பதாயிரம் கூரியரிலும் பாழிலும் கொட்டிக்கொண்டிருந்தேன்.

கைச்சுற்று 16, கைக்குழி அதற்கேற்ற மாதிரி என்று பேட்டர்ன் போட்டோம். சைஸ் சார்ட்டில் மார்போடு கைச்சுற்றையும் சேர்த்தேன். இரண்டு மாத ஆர்டர் தேதிக் கணக்கு முடிந்து பார்த்தபோது ரிட்டர்ன் 39-இல் இருந்து 20-க்கு இறங்கியது. ஆனால் சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதிலும் அந்த சைஸ் நஷ்டம்தான். 80 தங்கி, 20 திரும்பினால் 2,720 வரவு, 4,660 செலவு. எல் சைஸ் அளவுக்கு, 12 சதவீதத்துக்கே கொண்டுவந்தாலும் நூறு ஆர்டருக்கு 196 ரூபாய்தான் நிற்கும். வாடிக்கையாளர் திருப்புவதைக் குறைத்தால் மட்டும் தீராது, ஸ்லாபை விட்டுக் கீழே இறங்கியே ஆக வேண்டும்.

எனவே அட்டையை எடுத்தோம். 518 கிராம் 473 ஆனது. மடிப்பு கலைகிறது என்று பேக்கிங் பையன் முணுமுணுத்தான், கலையட்டும் என்றேன். அதே 30-க்கு 25 கவரில் தட்டையாகப் போட்டு, கையால் அமுக்கிக் காற்றை எடுத்து ஒட்டச் சொன்னேன், 3 சென்டிமீட்டருக்கு மேல் போனால் மறுபடி மடிக்க வேண்டும். மேஜை ஓரத்தில் 3 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கட்டை ஆணியடித்து வைத்திருக்கிறோம், அதன் கீழ் பார்சல் நுழைந்தால் சரி. இப்போது அதே 62, 74. நிற்பது 34-இல் இருந்து 60 ஆனது, திரும்பினால் நஷ்டம் 233-இல் இருந்து 177. தாங்கும் ரிட்டர்ன் 13-இல் இருந்து 25-க்கு ஏறியது. 20 சதவீத ரிட்டர்னிலும் நூறு ஆர்டருக்கு 1,260 நிற்கிறது. இதில் கைக்குக் கூடுதலாகப் போன ஆறு ரூபாய்த் துணியைக் கழித்தால் இன்னும் ஐந்நூறு, அறுநூறு குறையும், ஆனாலும் வரவு பக்கம்தான்.

அதற்குப் பிறகுதான் விலை. டபுள் எக்ஸ்எல்லுக்கு மட்டும் 30 ரூபாய் ஏற்றி 429 வைத்தேன். ஜிஎஸ்டியும் கமிஷனும் போக 26 கையில் சேரும், தங்கிய 80 பீஸுக்கு இரண்டாயிரத்துக்கு மேல். ஆர்டர் கொஞ்சம் குறைந்தது, பெரிதாக இல்லை. பெரிய சைஸுக்குத் துணி கூட என்று வாங்குகிறவர்களுக்கும் தெரியும். ஆனால் கைச்சுற்றை மாற்றாமல் முதலிலேயே விலையை மட்டும் ஏற்றியிருந்தால் 61 பீஸுக்கு 26 வீதம் 1,586 வந்திருக்கும், 7,013 நஷ்டத்தில் அது எந்த மூலைக்கு?

எக்ஸ்சேஞ்ச் கொடுத்தால் தப்பிக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பணம் திருப்பிக் கொடுப்பதைவிட மேல், ஆனால் லாபம் என்று நினைக்காதீர்கள். முதல் பீஸ் போய் வந்ததில் 173 போய்விட்டது, இரண்டாவது பீஸ் தங்கினால் 78 வரும், நிகரம் 95 நஷ்டம். 173-க்குப் பதில் 95, அவ்வளவுதான். அதுவும் இரண்டாவது பீஸ் பொருந்தினால். டபுள் எக்ஸ்எல்லில் கை பிடிக்கிறது என்று திருப்பியவருக்கு மறுபடி எந்த சைஸை அனுப்புவீர்கள்?

உங்கள் விஷயத்தில் கோளாறு டபுள் எக்ஸ்எல்லில் இல்லாமல் ஒரு கலரில் கூட இருக்கலாம். மெரூன் போட்டோவில் சிவப்பாகத் தெரிவதும், கடுகு மஞ்சள் தங்க நிறமாகத் தெரிவதும் சகஜம், டியூப் லைட்டில் எடுத்தால் நிறம் மாறித் தெரியும். அதைக் கண்டுபிடிக்க, காலை வெயிலில் வாசலில் வைத்து பீஸையும் போன் ஸ்கிரீனில் உங்கள் லிஸ்டிங் படத்தையும் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். கலருக்காகத் திரும்புவது எல்லா சைஸிலும் ஒரே மாதிரி இருக்கும், அளவுக்காகத் திரும்புவது எல்லா கலரிலும் ஒரே சைஸில் குவியும். அதை வைத்தே பாதி தெரிந்துவிடும்.

இப்போது செய்ய வேண்டியது: மூன்று மாத ஆர்டர் ஷீட், அதே மாத பேமென்ட் ஷீட், பின்னால் வந்த ஒரு மாத பேமென்ட் ஷீட்டும் சேர்த்து எடுங்கள். ஆர்டிஓவைத் தனியாகக் கழியுங்கள். சைஸ் வாரியாக எத்தனை போனது, எத்தனை திரும்பியது என்று நான்கே வரி எழுதுங்கள். ஒவ்வொரு சைஸையும் கவர், அட்டையோடு தராசில் வைத்து எடை எழுதுங்கள், காய்கறிக் கடைத் தராசு போதும், பத்து கிராம் முன்னே பின்னே காட்டினால் பரவாயில்லை, ஆனால் 490-க்கு மேல் காட்டுவதை ஆபத்து என்று குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கூரியர் ஹப்பில் அவர்கள் மிஷின் 500 தாண்டியதாகக் காட்டினால் அதுதான் செல்லும். திரும்பி வந்த பீஸில் பத்தையாவது பிரித்து மார்பு, கைச்சுற்று, உயரம் மூன்றும் அளந்து எழுதுங்கள். தயவு செய்து திரும்பியவற்றை அளக்காமல் மறுபடி கவரில் போட்டு ஸ்டாக்கில் சேர்க்காதீர்கள், அதே கை பிடிக்கும் பீஸ் அடுத்த அம்மாவிடம் போய் மறுபடி 233 ரூபாய் செலவில் உங்கள் வாசலுக்கே வரும். என்னிடம் ஒரு பீஸ் நான்கு முறை போய் வந்திருக்கிறது, லேபிள் ஒட்டிய தடம் நான்கு இருந்ததை வைத்துத்தான் தெரிந்தது.

எழுதி முடித்ததும் அந்த நான்கு வரியையும் எடையையும் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஏற்கனவே வெட்டி வைத்த டபுள் எக்ஸ்எல் இருந்தால் தைக்கக் கொடுக்காமல் நிறுத்தி வையுங்கள். கை இன்னும் பொருத்தவில்லை என்றால் கைக்குழியைக் கொஞ்சம் இறக்கி, கையை மட்டும் புதுத் துணியில் வெட்டிச் சேர்க்கலாம், பீஸுக்குப் பன்னிரண்டு, பதினைந்து ரூபாயோடு போகும்.